ஆய்வுகூட முடிவு வருமுன் நச்சுமுறி ஊசி போடலாமா?

தாதிய மாணவி, மட்டக்களப்பு:
தொண்டைக்கரப்பான், அதாவது டிப்தீரியா, என்று பலமான சந்தேகம் வந்தாலே, முடிவுக்குக் காத்திராமல் நச்சுமுறி ஊசி போட வேண்டும் என்று விரிவுரையில் சொன்னார்கள். அது குதிரையின் குருதியிலிருந்து எடுக்கும் மருந்து. ஒவ்வாமையால் உயிரே போகலாம். நிரூபணம் இல்லாமல் போடுவது சரியா?

ஆய்வுகூடத்தான், அக்கரைப்பற்று:
அவசரம் எதற்கு? பெனிசிலினோ எரித்ரோமைசினோ தொடங்கினால் கிருமி செத்துவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வந்தபின் ஊசியைப் பற்றி யோசிக்கலாம்.

வைத்தியர், கல்முனை:
கிருமி சாகும் தம்பி, அது ஏற்கெனவே கக்கிய நச்சு சாகாது.

ஏழு வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். தடுப்பூசி அட்டை பாதியில் நிற்கிறது. திங்களன்று தொண்டை நோ, இலேசான காய்ச்சல். வியாழன் காலை விடுதிக்கு வருகிறான். கழுத்து வீங்கியிருக்கிறது. இரண்டு டொன்சிலையும் மூடி, உள்நாக்கு வரை ஏறிய சாம்பல் நிறத் தோல். விளிம்பைப் பஞ்சுக் குச்சியால் தொட்டால் அசையாது, இரத்தம் கசிகிறது. நச்சு கொன்ற உயிரணுக்கள் உறைந்து ஒட்டிய படலம் அது. அதே நச்சு குருதியில் ஏறி இதயத்துக்கும் நரம்புக்கும் போய்க்கொண்டிருக்கிறது. ஓர் உயிரணுவுக்குள் நுழைந்துவிட்டால் அங்கே புரதம் உருவாவதையே நிறுத்திவிடும். உள்ளே போனதை நச்சுமுறியால் எட்ட முடியாது. வெளியே மிதப்பதை மட்டுமே பிடிக்கும்.

இன்று எடுத்த மாதிரி, இந்தக் கிருமியை வளர்க்கும் தெலுரைட் தட்டில் முளைக்க ஒன்றிரண்டு நாள். அந்தக் கிருமி நச்சைச் சுரக்கிறதா என்று எலெக் சோதனையில் பார்க்க மேலும் ஒன்றிரண்டு நாள். இரண்டு நாளுக்குள் வந்த தொண்டை நோய்க்கு 20,000 முதல் 40,000 அலகு நச்சுமுறி போதும். மூன்று நாள் கடந்து கழுத்தும் வீங்கிய இவனுக்கு 80,000க்கு மேல். பிள்ளை என்று அளவைக் குறைப்பதில்லை. மருந்து முறிப்பது நச்சை, எடையை அல்ல.

ஏறாவூர்த் தாய்:
டொக்டர், என் மகளுக்கும் தொண்டையில் வெள்ளைப் புள்ளிகள், காய்ச்சல் 39 பாகை. இந்த ஊசியைக் கேட்டு வாங்கவா?

வைத்தியர், கல்முனை:
வேண்டாம் அம்மா. கடும் காய்ச்சலோடு டொன்சிலில் மட்டும் புள்ளி என்றால் பெரும்பாலும் சாதாரண டொன்சில் அழற்சிதான். ஆனாலும் இன்றே காட்டுங்கள். நீங்கள் சுரண்டிப் பார்க்காதீர்கள். கழுத்து வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ நேரே வைத்தியசாலைக்கு.

ஆய்வுகூடத்தான், அக்கரைப்பற்று:
பிசிஆர் சில மணி நேரத்தில் வருமே? அதற்குக்கூடவா பொறுக்கக் கூடாது?

வைத்தியர், கல்முனை:
பிசிஆர் நச்சின் மரபணு இருப்பதைக் காட்டும். அந்தக் கிருமி உண்மையில் நச்சைச் சுரக்கிறதா என்பதைக் காட்டாது. அன்டிபயோட்டிக் தொடங்குமுன் படலத்தின் விளிம்புக்கு அடியிலிருந்து மாதிரியை எடுத்து அனுப்புங்கள். அது போய்ச் சேருமுன் ஊசி ஏறட்டும்.

ஆய்வுகூடத்தான், அக்கரைப்பற்று:
உலகம் முழுக்கத் தட்டுப்பாடான மருந்து இது. சந்தேகத்துக்கெல்லாம் போட்டுத் தீர்த்துவிட்டால் அடுத்த வாரம் உண்மையான நோயாளிக்கு?

வைத்தியர், கல்முனை:
அதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. தடுப்பூசி முழுமையான பிள்ளைக்கு ஒரு டொன்சிலில் சிறு திட்டு மட்டும் என்றால் நானும் தயங்குவேன், மூத்தவரைக் கேட்பேன். மேலே சொன்ன பையனில் தயங்க மாட்டேன்.

தாதிய மாணவி, மட்டக்களப்பு:
ஒவ்வாமை வந்தால் ஐயா?

வைத்தியர், கல்முனை:
அட்ரினலினைக் கட்டிலருகே வைத்துக்கொண்டுதான் தொடங்குவோம். சேலைனில் கலந்து மெதுவாக ஏற்றுவோம். ஊசி முடிந்தபின் பையன் எழுந்து விளையாடினாலும் ஈசிஜியை நிறுத்தாதீர்கள். இதயம் பெரும்பாலும் ஓரிரு வாரம் கழித்துத்தான் குழம்பும்.