தண்ணீர்க் குழாயில் ஓம் விதி: மெல்லிய டியூப் வேண்டும்

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மேல்நிலைத் தொட்டியின் உயரம் வோல்டேஜ், நிமிஷத்துக்கு வரும் தண்ணீர் கரண்ட், குழாயின் நெருக்கடி ரெசிஸ்டன்ஸ் என்றுதான் தொடங்குவேன். 6 ஓம் ரெசிஸ்டரில் 6 வோல்ட் கொடுத்தால் 1 ஆம்பியர், 12 கொடுத்தால் 2. இதுவரை சிக்கல் இல்லை.

ஒரு பையன் இதைத் தண்ணீரில் சோதித்துவிட்டான். தொட்டியிலிருந்து ஒரே ஹோஸ். அதன் வாய் 10 அடி கீழே இருந்தபோது வாளி நிரம்ப 48 விநாடி, 20 அடி கீழே இறக்கியதும் 34. ஓம் விதிப்படி 24 வர வேண்டாமா என்கிறான். கில்லாடி!

காரணம் தெரியும். வேகமாக ஓடும் தண்ணீர் ஹோஸுக்குள் சுழன்று கலங்கும். அப்போது அழுத்தம் இரண்டு மடங்கானாலும் ஓட்டம் ஏறக்குறைய 1.4 மடங்குதான் கூடும். தாமிரக் கம்பியில் எலெக்ட்ரான்கள் அப்படிக் கலங்குவதில்லை. சூடாகாதவரை ரெசிஸ்டன்ஸ் மாறாது.

கலங்காமல் ஓட மெல்லிய டியூப் வேண்டும். சலைன் டியூப் போதாது, 3 மி.மீ. துளையில் ஒரு மீட்டர் உயரத்துக்கே கலங்கிவிடும் என்று கணக்கு சொல்கிறது. 1 மி.மீ. உள்விட்டம், ஒன்றரை மீட்டர் நீளம் இருந்தால் சரியாக வரும். 50 செ.மீ., 100 செ.மீ. உயரங்களில் அளந்து காட்டலாம்.

அந்த அளவு டியூப் எந்தக் கடையில் கிடைக்கும்? வகுப்பில் செய்து பார்த்தவர்கள், உள்ளே காற்றுக்குமிழி அடைக்காமல் எப்படிச் சமாளித்தீர்கள்?