மாமனார் கணுக்காலில் ஆறாத புண்: களிம்பு மாற்றி மாற்றி எட்டு மாதம் போனது

யீஷூன் மருமகள்:
மாமனாருக்கு 71 வயது. பிராட்டாக் கல் முன்னால் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவர். இடது கெண்டைக்காலில் நரம்பு முறுக்கிக்கொண்டு நிற்கும், நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலமானால் கால் வீங்கும், கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். கணுக்காலுக்கு மேலே துருப்பிடித்த மாதிரி பழுப்பாகி அரிப்பெடுத்தது. படர்தாமரை என்று நினைத்துப் பூஞ்சைக் களிம்பு போட்டோம். ஒரு ராத்திரி சொறிந்த இடம் உரிந்து, உள்பக்கக் கணுவுக்கு மேலே புண்ணாகிவிட்டது.

அதன்பிறகு கிளினிக் மாற்றிக் கிளினிக். கால் சிவந்திருந்ததால் மூன்று தடவை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். காய்ச்சல் ஒரு நாளும் வந்ததில்லை. புண் 4 செ.மீ. நீளம் ஆனது. காலையில் படுக்கை விரிப்பில் மஞ்சள் நீர்க்கறை. கடைசியில் பாலிகிளினிக்கில் புண் பார்க்கும் தாதி ஒருவர்தான் காலைத் தொட்டதுமே, "அங்கிள், இது ரத்தக்குழாய் புண். மேலே மருந்து போட்டு ஆறாது, கட்டுப் போடணும்" என்றார்.

செங்காங் செல்வம்:
பழுப்பு நிறம் இரும்புச்சத்து தேங்குவதால்தான். அதனால் முருங்கைக்கீரை, இரும்பு மாத்திரை எல்லாம் நிறுத்துங்கள். இன்னொன்று, சர்க்கரை இருந்தால் இறுக்கமான கட்டு கூடவே கூடாது.

காயத்தாதி (ஓய்வு):
செல்வம், பாதி சரி. காலில் நாம் நரம்பு என்று சொல்லும் சிரையின் வால்வு பழுதானால் ரத்தம் மேலே ஏறாமல் கீழேயே தங்கும். அழுத்தத்தில் சிவப்பணு தோலுக்குள் கசிந்து உடைகிறது, அதிலிருந்த இரும்புதான் அந்தப் பழுப்பு. சாப்பாட்டு இரும்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கீரையைச் சாப்பிடட்டும்.

சர்க்கரை விஷயத்தில் நீங்கள் பயப்படுவதில் அர்த்தம் உண்டு. கட்டுவதற்கு முன் காலுக்கு ரத்தம் ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். கையிலும் கணுக்காலிலும் ரத்த ஓட்டத்தைக் கேட்கும் டாப்ளர் கருவி வைத்து அழுத்தம் எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்போம். 0.8-க்கு மேல் இருந்தால் பொதுவாக முழு அழுத்தக் கட்டு போடலாம். 0.5-க்குக் கீழே என்றால் கட்டவே மாட்டோம், ரத்தக்குழாய் மருத்துவரிடம் அவசரமாக அனுப்புவோம். சர்க்கரைக்காரர்களுக்குத் தமனி கெட்டியாகி இந்த எண் பொய்யாக உயர்ந்து நிற்கும், அப்போது கால்விரலில் அளப்போம். அளக்காமல் கட்டுவதுதான் ஆபத்து.

யீஷூன் மருமகள்:
ஆமாம், அளந்தார்கள். கை 148, கணுக்கால் 140. 0.95 வந்தது. பஞ்சு முதலில், அதற்குமேல் மூன்று சுற்று, விரலடியிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை. இரண்டாவது ராத்திரி, மணி இரண்டிருக்கும், "கால் வெடிச்சுடும்"னு கத்தரியை எடுத்து நீளவாக்கில் கத்தரித்துவிட்டார்!

காயத்தாதி (ஓய்வு):
ரொம்பப் பேர் செய்வதுதான். முதல் வாரம் இறுக்கமாக வலிக்கும், அதற்கு வலி மாத்திரை கேட்கலாம். ஆனால் விரல் நீலமானாலோ மரத்துப்போனாலோ உடனே கழற்றிவிட்டுக் கூப்பிடணும்.

தோ பாயோ ராணி:
என் அம்மாவுக்கும் இரண்டு காலும் வீக்கம். அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையை டாக்டர் மாற்றியதும் வடிந்துவிட்டது. மாமனாருக்கும் மாத்திரைதான் காரணமாக இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

யீஷூன் மருமகள்:
அக்கா, அவர் அந்த மாத்திரை சாப்பிடுவதில்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. புண் சுருங்கிக்கொண்டு வரும்போதே சுற்றிலும் அரிப்பு புதுசாகக் கிளம்பியது, பொடிப்பொடியாகக் கொப்புளம்.

காயத்தாதி (ஓய்வு):
என்ன பூசினீர்கள்?

யீஷூன் மருமகள்:
வீட்டிலிருந்த ஆன்டிபயாட்டிக் களிம்பு. அவராக, கட்டு மாற்றும் நாளில், தாதிக்குத் தெரியாமல்.

காயத்தாதி (ஓய்வு):
அதேதான் என்று சந்தேகப்படுகிறேன். இப்படிப்பட்ட காலில் தோல் சீக்கிரம் ஒவ்வாமைக்குப் போகும், நியோமைசின் கலந்த களிம்பு அடிக்கடி மாட்டுகிற ஒன்று. வாசனை போட்ட கிரீமும்தான். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் பாரஃபின் களிம்பு போடச் சொல்லுங்கள். அரிக்கும் இடத்துக்குக் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு களிம்பு டாக்டர் தருவார், புண்ணுக்குள் போடக்கூடாது. நிற்கவில்லை என்றால் எது ஒவ்வாமை தருகிறது என்று பார்க்கும் ஒட்டுச் சோதனையைத் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், இரண்டு காலும் ஒரே நேரத்தில் சிவந்து காய்ச்சலும் இல்லை என்றால் கிருமித்தொற்றாக இருப்பது அரிது. ஒரே கால் திடீரென்று சூடாகி, வலித்து, சிவப்பு பரவினால் மட்டும் தாமதிக்காதீர்கள்.

யீஷூன் மருமகள்:
களிம்பை நிறுத்தி ஒரு வாரத்தில் கொப்புளம் அடங்கியது. புண் பதின்மூன்றாவது வாரம் மூடியது. பழுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. இனிமேல் எழுந்ததும், கால் வீங்குவதற்குள், அழுத்தக் காலுறை. அதை ஏற்றுவதற்குப் பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறை போட்டுக்கொள்கிறார், பிடி நழுவாமல் வருகிறதாம்.

ஸ்கேனில் பெரிய நரம்பில் ரத்தம் பின்னோக்கி வழிகிறது என்று வந்தது. சூடுபோட்டு அடைத்துவிடலாம் என்கிறார் அறுவை மருத்துவர்.

காயத்தாதி (ஓய்வு):
முடிந்தால் செய்துகொள்ளட்டும். 2018-இல் பிரிட்டனில் முடிந்த ஓர் ஆய்வில், கட்டோடு சேர்த்து நரம்பையும் சீக்கிரம் அடைத்தவர்களுக்குப் புண் ஆற நடுமட்டமாக 56 நாள், தள்ளிப்போட்டவர்களுக்கு 82. புண் மறுபடி வராமலிருப்பதற்குத்தான் இப்போது அவருக்கு அது உதவும். மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு விவரத்தையும் கிளினிக்கில் கேளுங்கள்.

யீஷூன் மருமகள்:
"கால் ஆறிப்போச்சு, கத்தி எதுக்கு" என்று மாட்டேன் என்கிறார். கத்தி இல்லை, ஊசிதான் என்று சொல்லியும் பார்த்தாயிற்று. அடுத்த வாரம் மகன் பேசிப் பார்க்கப்போகிறார்.