10% இன்கிரிமென்ட் கடிதம் கொடுத்தும் சம்பளம் குறைந்துவிட்டது என்கிறார்கள், எப்படி எழுதியிருக்க வேண்டும்?

வடுவூர் மில் ஆபீஸ்
வணக்கம். கொஞ்சம் அவசரம். எங்கள் ரைஸ் மில்லில் எல்லோருக்கும் 10% இன்கிரிமென்ட் போட்டுக் கடிதம் கொடுத்தோம். இப்போது ஆபீஸ் வாசலில் வந்து நிற்கிறார்கள். 10% வரவில்லை என்கிறார் ஒருவர், அலவன்ஸைக் குறைத்துவிட்டீர்கள் என்கிறார் இன்னொருவர், போன மாதத்தைவிடச் சம்பளம் குறைந்துவிட்டது என்று ஒரு கூட்டமே சொல்கிறது. ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் பார்த்து இது. கணக்கு சரிதான், கடிதத்தில்தான் ஏதோ இடிக்கிறது. முதலாளி எல்லோருக்கும் விளக்கக் கடிதம் கொடுக்கச் சொல்கிறார். நல்ல மாதிரி இருந்தால் அனுப்புங்கள்.

கும்பகோணம் லெட்ஜர்
தம்பி, 10% எதன் மேல்? பேசிக்கா, மொத்தமா? எந்தத் தேதியிலிருந்து? பழைய சம்பளம் என்ன, புதுசு என்ன? ஒன்றும் சொல்லாமல் மாதிரி கேட்டால் நாங்கள் ஜோசியமா பார்ப்பது? இந்தக் குழுவில் இதே கேள்வி வருஷா வருஷம் சித்திரை முடிந்ததும் வருகிறது, ஒருவரும் பழைய இழைகளைப் படிப்பதில்லை.

திருவாரூர் ரிட்டயர்டு
இதில் குழப்பத்துக்கே இடமில்லையே. நான் அரசுப் பணியில் இருந்தவன். எங்களுக்கு இன்கிரிமென்ட் பேசிக்கில் 3 சதவீதம், காலாண்டின் முதல் தேதியில் சேரும், டிஏ அந்தப் புதுப் பேசிக் மேல் ஓடும். ஒரே வரியில் ஆணை வந்துவிடும். அதையே பின்பற்றலாமே.

பாபநாசம் பேரோல்
ஐயா, உங்களுக்கு ஊதிய அட்டவணை ஒன்று ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருந்தது, அதனால் ஒரு வரி போதும். தனியார் மில்லில் அந்த அட்டவணை முதலாளியின் மனதுக்குள் இருக்கிறது, கடிதம்தான் அதை வெளியே கொண்டுவர வேண்டும்.

வடுவூர் தம்பி, ஒரே ஒரு ஆளின் கணக்கை மட்டும் போடுங்கள், பெயர் வேண்டாம். பழைய பிரிவுகள், புதிய பிரிவுகள், பிஎஃப் எதன் மேல் பிடிக்கிறீர்கள், கடிதத்தின் தேதி, எந்தத் தேதி முதல் உயர்வு, எந்த மாதச் சம்பளத்தில் கொடுத்தீர்கள். கடிதத்தில் இருந்த வாசகத்தையும் அப்படியே போடுங்கள்.

வடுவூர் மில் ஆபீஸ்
மன்னிக்கணும், அவசரத்தில் விட்டுவிட்டேன். போயிலர் பகுதி ஆள் ஒருவர். பழசு: பேசிக் 10,000, வீட்டு வாடகைப்படி 4,000, சிறப்புப்படி 4,000. மொத்தம் 18,000. புதுசு: பேசிக் 12,000, வாடகைப்படி 4,800, சிறப்புப்படி 3,000. மொத்தம் 19,800. பிஎஃப் பேசிக் மேல் 12%. எல்லோரும் இஎஸ்ஐயில் இருக்கிறார்கள். கடிதம் ஜூன் 20, உயர்வு ஏப்ரல் 1 முதல். ஏப்ரல், மே பாக்கியை ஜூன் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தோம். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: "தங்கள் சம்பளம் 1.4 முதல் 10% உயர்த்தப்படுகிறது. பேசிக் 12,000, வாடகைப்படி 4,800, சிறப்புப்படி 3,000."

மயிலாடுதுறை டிப்ஸ்
பார்த்ததும் தெரிந்துவிட்டது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டது, அதில் வாடகைப்படி போன்ற விலக்குப் படிகள் மொத்தத்தில் 50 சதவீதத்தைத் தாண்டினால் மிகுதி ஊதியக் கணக்கில் சேர்ந்துவிடும். உங்கள் ஆடிட்டர் அதற்காகத்தான் பேசிக்கைக் கூட்டிச் சிறப்புப்படியைக் குறைத்திருக்கிறார். கடிதத்தில் "சட்டப்படி மாற்றப்பட்டது" என்று ஒரு வரி போடுங்கள், வாய் அடைந்துவிடும். அப்புறம் ஜூனில் அரியர்ஸோடு மொத்தம் 23,400 ஆகிறதே, 21,000 வரம்பைத் தாண்டியதால் அந்த மாதமே இஎஸ்ஐ நின்றிருக்க வேண்டும். அதையும் பாருங்கள்.

பாபநாசம் பேரோல்
டிப்ஸ் சொன்னதில் சட்டமும் தேதியும் சரி, இந்த ஆளுக்குத்தான் பொருந்தவில்லை. 18,000-ல் 10,000 என்பதே பாதிக்கு மேல். 50 சதவீதத்துக்காக அவருடைய பேசிக்கைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. தெரியாத காரணத்தைச் சட்டத்தின் தலையில் போட்டுக் கடிதம் எழுதினால் நாளைக்கு யாராவது அதே 50 சதவீதக் கணக்கைப் போட்டுக் காட்டுவார்கள். இஎஸ்ஐ வரம்புக்கும் மாதச் சம்பள விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும், அது 19,800. பாக்கி சேர்ந்து ஒரு மாதம் 23,400 வந்ததால் அவர் வெளியே போய்விட மாட்டார்.

சரி, இப்போது வாசலில் நிற்பவர்களின் மூன்று புகாரையும் எடுத்துக்கொள்வோம். மூன்றும் நியாயமான புகார்தான், ஏனென்றால் கடிதத்தில் இருக்க வேண்டிய எண்கள் அதில் இல்லை.

"10% உயர்வு" என்று படித்தவர் ஒவ்வொரு வரியும் 10% ஏறும் என்றுதான் எதிர்பார்ப்பார். சிறப்புப்படி 4,400 ஆகும் என்று நினைத்தவருக்கு 3,000 என்று பார்த்தால் கோபம் வராதா? நீங்கள் கூட்டியது மொத்தச் சம்பளத்தின் மேல், 18,000-க்கு 1,800. அதைப் பிரிவுகளில் பங்கு போட்டபோது பேசிக் 2,000 ஏறி, வாடகைப்படி 800 ஏறி, சிறப்புப்படி 1,000 இறங்கியது. பழைய எண்ணைப் பக்கத்தில் வைக்காமல் புது எண்ணை மட்டும் கொடுத்ததால், அவர் பழைய சம்பளச் சீட்டைத் தேடி எடுத்துத் தானே ஒப்பிட்டிருக்கிறார், அதுவும் இறங்கிய வரியை மட்டும்.

அடுத்தது கைக்கு வருவது. முன்பு பிஎஃப் 1,200, இஎஸ்ஐ 135 போக 16,665. இப்போது பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 149 போக 18,211. கூடியது 1,546, அதாவது 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். 10% வரவில்லை என்று அவர் சொல்வது கையில் வந்த பணத்தைப் பொறுத்தவரை உண்மை. விட்டுப்போன பணத்தில் 240 அவருடைய பிஎஃப் கணக்கில்தான் ஏறுகிறது, உங்கள் பங்காக இன்னொரு 240-ம் கூடுகிறது. இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும், அதைக் காணோம்.

மூன்றாவதுதான் பெரிய கூத்து. ஜூனில் புதுச் சம்பளம் 18,211, இரண்டு மாதப் பாக்கி 3,092, ஆக 21,303 வந்திருக்கும். ஜூலையில் 18,211. ஒரே மாதத்தில் 3,092 குறைந்தால் யாரும் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு தேதிதான் இருக்கிறது. எந்தத் தேதி முதல் உயர்வு, எந்த மாதச் சீட்டிலிருந்து புதுச் சம்பளம், பாக்கி எந்த மாதம் ஒரே தடவையாக வரும், இந்த மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> தங்கள் மாத மொத்தச் சம்பளம் ரூ.18,000-லிருந்து ரூ.19,800 ஆக உயர்த்தப்படுகிறது. உயர்வு ரூ.1,800. இது பழைய மொத்தச் சம்பளத்தில் 10%. பிரிவுகள் ஒவ்வொன்றும் 10% உயரவில்லை, கீழே உள்ளபடி மாறுகின்றன.
>
> | பிரிவு | பழையது | புதியது | வித்தியாசம் |
> |---|---|---|---|
> | பேசிக் | 10,000 | 12,000 | +2,000 |
> | வீட்டு வாடகைப்படி | 4,000 | 4,800 | +800 |
> | சிறப்புப்படி | 4,000 | 3,000 | −1,000 |
> | மொத்தம் | 18,000 | 19,800 | +1,800 |
>
> சிறப்புப்படியில் குறைந்த ரூ.1,000 பேசிக்கில் சேர்க்கப்பட்டுள்ளது. பேசிக் உயர்வதால் தங்கள் பிஎஃப் பிடித்தம் ரூ.1,200-லிருந்து ரூ.1,440 ஆகிறது. நிறுவனத்தின் பங்கும் அதே அளவு உயரும்.
>
> உயர்வு ஏப்ரல் 1 முதல் அமலாகிறது. புதிய சம்பளம் ஜூன் மாதச் சீட்டிலிருந்து வரும். ஏப்ரல், மே மாதங்களுக்கான பாக்கி ரூ.3,600, பிடித்தங்கள் போக ரூ.3,092, ஜூன் சம்பளத்துடன் ஒருமுறை மட்டும் வழங்கப்படும். ஜூலை முதல் அந்தத் தொகை இருக்காது.

கடைசி வாக்கியம் ஜூன் 20-லேயே போயிருந்தால் ஆடிப்பெருக்குக்கு வாசலில் கூட்டம் இருந்திருக்காது. பாக்கித் தொகையை எல்லோருக்கும் 3,600 என்று அச்சடித்துவிடாதீர்கள். ஏப்ரலில் 4 நாள் சம்பளமில்லா லீவு எடுத்தவருக்கு அந்த மாதப் பாக்கி 1,800-ல் 30-க்கு 26 பங்கு, 1,560தான். ஏப்ரல், மே மாதங்களில் ஓவர்டைம் பார்த்தவர்களுக்கு ஓவர்டைம் விகிதத்திலும் வித்தியாசம் வரும், அதைக் கொடுத்தீர்களா?

கும்பகோணம் லெட்ஜர்
இவ்வளவு நீளக் கடிதத்தை லோடுமேன் படிப்பாரா? நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவை ஒரே எண்ணாகப் போடுங்கள், பிஎஃப் பங்கு, இஎஸ்ஐ பங்கு எல்லாம் சேர்த்து. பெரிய கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன. மற்றது சம்பளச் சீட்டில் தெரிந்துகொள்ளட்டும்.

பாபநாசம் பேரோல்
அந்தக் கணக்கில் இந்த ஆளின் செலவு 19,785-லிருந்து 21,884 ஆகிறது, உயர்வு 2,099. 10% சொன்ன கடிதத்தில் 1,800, 1,546, 2,099 என்று மூன்று உயர்வு நின்றால் எதை நம்புவார்? முதலாளிக்கு அந்தக் கணக்கைத் தனித் தாளில் கொடுங்கள். ஊழியர் கடிதத்தில் ஒரே அடித்தளம்தான் இருக்க வேண்டும், மாத மொத்தம்.

மயிலாடுதுறை டிப்ஸ்
50% காரணம் இல்லை என்றால் சிறப்புப்படியை ஏன் வெட்டினார்கள்? சும்மாவா?

பாபநாசம் பேரோல்
என் ஊகம், 2019 பிப்ரவரி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் சிறப்புப்படியும் பிஎஃப் கணக்கில் வரும் என்றது அது. ஆனால் அதுதான் காரணம் என்றால் மீதி 3,000-க்கும் பிஎஃப் பிடிக்க வேண்டும், 12,000 + 3,000 சரியாக 15,000 வரம்பில் போய் நிற்கும். பாதி மட்டும் செய்திருக்கிறார்கள்.

கும்பகோணம் லெட்ஜர்
அந்தத் தீர்ப்பை எல்லா மில்லுக்கும் அப்படியே பொருத்த முடியாது. வேலை அளவைப் பொறுத்து மாறுகிற படி என்றால் வேறு கணக்கு. இங்கே எல்லோருக்கும் ஒரே 4,000தானா என்று கேட்டீர்களா? கேட்காமல் அளக்கிறீர்கள்.

பாபநாசம் பேரோல்
ஊகம் என்றுதான் எழுதியிருக்கிறேன். கேட்க வேண்டியது ஆடிட்டரிடம், அது சரி.

நீடாமங்கலம் நெல்லு
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கூட்டுறவுச் சங்கத்தில் சீசனுக்கு மட்டும் எடுக்கும் ஆட்களுக்கும் இந்த மாதிரி கடிதம் கொடுக்கணுமா? எனக்கு நாள் கூலிதான் ஏற்றினார்கள், ஒரு தாளும் தரவில்லை.

திருவாரூர் ரிட்டயர்டு
அது தனிக் கேள்வி, தனி இழை போடுங்கள். இங்கே இன்னொன்று. கடிதத்தில் "கைக்கு வரும் தொகை 18,211" என்று எழுதிக்கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் அட்வான்ஸ் பிடித்தம் வரும்போது கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்களே?

பாபநாசம் பேரோல்
நல்ல கேள்வி ஐயா, அதனால்தான் என் மாதிரியில் அந்த எண்ணைப் போடவில்லை. போட்டே ஆக வேண்டும் என்றால் "முழு வருகை இருந்து, அட்வான்ஸ் பிடித்தம் இல்லாத மாதத்தில்" என்ற நிபந்தனையோடு போடலாம்.

வடுவூர் மில் ஆபீஸ்
நன்றி. அட்டவணையையும் மூன்று தேதியையும் மேனேஜர் ஒத்துக்கொண்டார், பிரின்ட் போகிறது. சிறப்புப்படி எல்லோருக்கும் ஒரே தொகை இல்லை, ஆளுக்கு ஆள் மாறும். ஓவர்டைம் வித்தியாசம் கொடுக்கவில்லை, அதைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது என்கிறார். ஒருவருக்கு மட்டும் 20,000 இருந்து 22,000 ஆகியிருக்கிறது, அவருக்கு இஎஸ்ஐ தொடரணுமா?

மயிலாடுதுறை டிப்ஸ்
செப்டம்பர் 30 வரை பிடிக்க வேண்டும், முழு 22,000 மேல். பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. நடுவில் வரம்பைத் தாண்டினாலும் அது முடியும்வரை விட முடியாது.

கும்பகோணம் லெட்ஜர்
நடுவில் தாண்டினால் சரி. இவர்கள் உயர்வையே ஏப்ரல் 1 முதல் என்று எழுதிவிட்டார்களே, காலம் தொடங்கும் நாளிலேயே 22,000 ஆகிவிட்டது. அறிவித்த தேதியைப் பார்ப்பதா, அமல் தேதியைப் பார்ப்பதா?

பாபநாசம் பேரோல்
அறிவித்தது ஜூனில், ஏப்ரலும் மேயும் 20,000 மேல் பிடித்துக் கட்டியாகிவிட்டது. அதனால் செப்டம்பர் வரை தொடர்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் இதை என் பேச்சை வைத்து நிறுத்தவோ தொடரவோ வேண்டாம். கடித நகலோடு இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை அவருடைய கடிதத்தை மட்டும் பிரின்ட்டில் நிறுத்தி வையுங்கள். ஓவர்டைம் வித்தியாசத்தை மேனேஜர் பேசாவிட்டாலும் கடிதத்தில் ஏப்ரல் 1 என்று இருக்கிறது, தேதியைப் பிடித்துக்கொண்டு யாராவது கேட்கத்தான் போகிறார்கள்.

நீடாமங்கலம் நெல்லு
தனி இழை போட்டிருக்கிறேன், யாரும் பார்க்கவில்லை.