புதுப்பிப்பு: சிங்கரின் குளத்து உதாரணம், 800 சொல் கட்டுரை

என் கேள்வி: "குளத்துக் குழந்தை உதாரணத்தை உடைத்தால் சிங்கரின் 1972 வாதமே விழுந்துவிடுமா?"

தத்துவவாதி பீட்டர் சிங்கரின் உதாரணம் இது: குளத்தில் மூழ்கும் குழந்தையைக் கண்டால், உடை அழுக்கானாலும் இறங்கிக் காப்பாற்ற வேண்டும்; அதுபோலவே தூரத்தில் பசியால் சாகிறவர்களுக்கும் நாம் உதவ வேண்டும் என்பது அவர் வாதம்.

எல்லாருக்கும் நன்றி. விழாது. கைகொடுத்தது திருமங்கலம் அக்கா சொன்ன வழிதான்: உதாரணத்தை ஓரமாக வைத்துவிட்டு, முடிவிலிருந்து பின்னோக்கி எழுதுவது. 'நாம் நன்கொடை தர வேண்டும்' என்ற முடிவுக்கு மூன்று கூற்றுகள் தேவைப்பட்டன. பசியால் வரும் துன்பமும் சாவும் தீயவை. ஒரு தீமையைத் தடுக்க நம்மால் முடிந்து, அதற்கு ஈடான எதையும் இழக்க வேண்டியதில்லை என்றால் தடுத்தாக வேண்டும். நம் பணம் அதைத் தடுக்கும். பலரும் எழுத விட்டுவிடுவது இந்த மூன்றாவதைத்தான்; அது இல்லாமல் முடிவு பிறக்காது.

குளம் இரண்டாவதற்கு முட்டு மட்டுமே. முட்டு போனால் கூற்று பலவீனப்படும், பொய்யாகாது. தூரம்தான் ஓட்டை என்ற மேலூர் தம்பி பாதி சரி; ஆனால் தூரம் பொருட்டல்ல என்று சிங்கரே வாதிடுவதால், அந்த வாதத்துக்குப் பதில் சொல்லாத மறுப்பு நிற்காது. தெப்பக்குளத்தில் நீச்சல் தெரியாதவர் இறங்கலாமா என்று கேட்ட அண்ணனுக்கு: சிங்கரின் குளம் ஆழமற்றது, உடைதான் அழுக்காகும்.

எதிர்பாராதது ஒன்று. 'இது அளவுக்கு மீறிக் கேட்கிறது' என்ற என் மறுப்பைப் பார்த்த ஆசிரியர், "எந்த வடிவத்தை?" என்று ஓரத்தில் எழுதினார். அந்த இரண்டாவது கூற்றுக்குச் சிங்கர் மிதமான வடிவமும் தருகிறார்: தார்மீக முக்கியத்துவம் உள்ள எதையும் இழக்காதபோது தடு. அதை என் மறுப்பு தொடுகிறதா என்பது இன்னும் முடிவாகவில்லை.