நோக்க வாசகத்தை எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகும் திட்டமிடல் கூட்டத்தில் சண்டை வருகிறது: எங்கே தவறு?

கேட்டவர்: பால்கணக்கு

வணக்கம். கிராமப் பால் கூட்டுறவுச் சங்கங்களுக்கான கொள்முதல் மென்பொருள் ஒன்றை ஏழு பேர் கொண்ட எங்கள் குழு உருவாக்கவிருக்கிறது. விரிவான திட்டமிடலுக்கு முன், ஓரிரு வாக்கியத்தில் பொருளைச் சொல்லிவிடும் எலிவேட்டர் பிட்ச் பாணியில் நோக்க வாசகம் ஒன்றை எழுதினோம்: "பால் கொள்முதலை வெளிப்படையாகவும் எளிமையாகவும் மாற்றும் நவீன டிஜிட்டல் தளம்." எதிர்ப்பே இல்லாமல் அனைவரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் முதல் திட்டமிடல் கூட்டத்திலேயே, விவசாயியின் கைபேசிச் செயலிதான் முதலில் வேண்டும் என்று ஒருவரும், சங்கங்களுக்கு மேலுள்ள பால் ஒன்றிய அலுவலகத்துக்கான அறிக்கைகள்தான் முதலில் என்று இன்னொருவரும் பிடிவாதமாக நின்றதால், மூன்று மணி நேரம் வீணாயிற்று. வாசகத்தை இன்னும் விரிவாக எழுத வேண்டுமா?

சுவரொட்டி

விரிவாக எழுதவே கூடாது. ஒரே வரியாகச் சுருக்கி, குழுத்தலைவரே எழுதி, அனைவர் கண்ணிலும் படும்படி சுவரில் ஒட்டிவிடுங்கள். குழுவாக உட்கார்ந்து எழுதினால் ஆளுக்கொரு சொல்லைச் சேர்த்து, கடைசியில் யாருக்கும் உதவாத வாக்கியம்தான் மிஞ்சும்.

முதலீடு_தேடி

எலிவேட்டர் பிட்ச் என்றால் சந்தையின் அளவையும் வருமானக் கணிப்பையும் முதலில் சொல்ல வேண்டும். என் தொழிலுக்குப் பணம் கேட்கப் போனபோது அவற்றைத்தான் முதலில் கேட்டார்கள். உங்களிடம் அந்த எண்கள் இருக்கின்றனவா?

பழைய மேலாளர்

முதலீடு_தேடி அவர்களே, பணம் தருபவரிடம் பேசும் பேச்சு வேறு. இவர் கேட்பது ஒரே அறையில் வேலை செய்பவர்கள் ஒரே பொருளை மனத்தில் வைத்திருக்கிறார்களா என்று பார்க்கும் வழி. சுவரொட்டி சொல்வதில் சுருக்கம் சரி. தலைவர் தனியாக எழுதுவதுதான் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் ஒட்டப்பட்ட வாசகத்தை அவரவர் தம் விருப்பப்படியே படித்துக்கொள்வார்கள்.

பால்கணக்கு, உங்கள் வாசகம் எதையும் மறுக்கவில்லை. விவசாயியின் செயலி, ஒன்றிய அறிக்கை இரண்டுமே "வெளிப்படை" என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால்தான் எதிர்ப்பின்றி நிறைவேறியது. ஏழு பேரையும் தனித்தனியே, பேசிக்கொள்ளாமல், பத்து நிமிடத்தில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லுங்கள்: இது யாருக்கு, அவருக்கு இன்று என்ன தொல்லை, இது அவருக்கு என்ன செய்து தரும், இன்று அவர் எதை வைத்துச் சமாளிக்கிறார். தாள்களை அருகருகே வைத்து முதல் விடையை மட்டும் பாருங்கள். அது ஒத்துப்போகாதவரை மற்ற மூன்றையும் பேசிப் பயனில்லை. நான்காவது விடையில் போட்டி நிறுவனத்தின் பெயரை எழுதுவார்கள்; பெரும்பாலும் உண்மையான போட்டி ஒரு நோட்டுப் புத்தகமாகத்தான் இருக்கும்.

பால்கணக்கு

ஐயா, நேற்று செய்து பார்த்தோம். நான்கு பேர் விவசாயி என்றும், இருவர் ஒன்றிய அதிகாரி என்றும், களப்பணி செய்யும் ஒருவர் மட்டும் சங்கச் செயலாளர் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த ஒருவர்தான் விடியற்காலையில் சங்கத்தில் நின்று பார்த்தவர் என்பதால், அவர் பேச்சை வைத்துக் கீழ்க்கண்டதை எழுதினோம்:

"காலையும் மாலையும் பால் அளந்து, லிட்டரையும் கொழுப்பையும் பேரேட்டில் எழுதி, பட்டுவாடாவுக்கு முந்தைய இரவில் கண்விழித்துக் கூட்டிப் பார்க்கும் சங்கச் செயலாளருக்கு, இது அளக்கும்போதே கணக்கும் முடிந்துவிடும் கொள்முதல் பதிவேடு. கையெழுத்துப் பேரேட்டைப் போலன்றி, பால் ஊற்றியவர் நகர்வதற்குள் அவருக்குரிய தொகையை அச்சிட்ட சீட்டாகத் தந்துவிடும்."

பழைய மேலாளர்

நன்றாக இருக்கிறது. இப்போது குழுவில் ஏற்கெனவே எழுந்த கோரிக்கைகள் மூன்றை இதன்மேல் வைத்துப் பாருங்கள். கைபேசியில் தீவனம் முன்பதிவு செய்வது வெளியே போய்விடும். டேங்கர் லாரியின் வழித்தடமும் வெளியேதான். சிக்னல் இல்லாத ஊரிலும் சீட்டு அச்சாக வேண்டும் என்பதை வாசகம் சொல்லவில்லை. ஆனால் "நகர்வதற்குள்" என்ற சொல் அதைக் கட்டாயமாக்கிவிடுகிறது. இரண்டு வெளியே, ஒன்று உள்ளே என்று பிரிகிறதென்றால் வாசகம் வேலை செய்கிறது. பிறகு, இதை எழுதாத ஒரு செயலாளரிடம் வாசித்துக் காட்டி, அவர் தம் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்வதைக் கேளுங்கள். "கம்ப்யூட்டர் ஏதோ வரப்போகிறது" என்று மட்டும் சொன்னால் மறுபடி எழுத வேண்டியதுதான்.

சுவரொட்டி

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இது சுவரில் ஒட்ட நீளம். மேலும், பணம் கொடுப்பது ஒன்றியம்தானே? அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத வாசகத்தை அவர்கள் ஏற்பார்களா?

பழைய மேலாளர்

நியாயமான கேள்வி. பயன்படுத்துபவரும் பணம் கொடுப்பவரும் வேறுவேறாக இருக்கும்போது, நோக்க வாசகத்தை ஒன்றாகவே வைத்துக்கொண்டு, ஒன்றியத்துக்கென்று தனிப் பிட்ச் ஒன்றை நான் எழுதுவேன். ஆனால் இரண்டாவது பிட்ச் மெல்ல மெல்லத் திட்டத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டு போனதையும் பார்த்திருக்கிறேன்.

பால்கணக்கு

ஒன்றிய அலுவலகத்துக்கான அந்த அறிக்கைகள் முதல் வெளியீட்டிலேயே வேண்டும் என்று ஒன்றிய அதிகாரி இன்று காலை சொல்லிவிட்டார். செயலாளரின் பதிவேட்டிலிருந்தே அவை தாமாகக் கிடைத்துவிடும் என்கிறார் எங்கள் நிரலாளர். களப்பணியாளர் அதை நம்பவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு சங்கத்துக்குப் போய் வாசித்துக் காட்டிவிட்டு வந்து எழுதுகிறேன்.