பேஸ் வரியோடு வரும் எண்கள்: வாசிக்கிறவர்கள் எப்படிப் படிக்கிறீர்கள்?

வயலின் பெட்டி

கோரெல்லியின் ஓபஸ் 5 வயலின் சொனாட்டாக்களுக்குக் கீபோர்டில் துணை வாசிக்கிறவர்களிடம் கேட்கிறேன். 1700-இல் ரோமில் வந்த முதல் அச்சில் வயலினுக்கு ஒரு வரி, பேஸுக்கு ஒரு வரி, அவ்வளவுதான். வலது கைக்கு ஒன்றுமே எழுதவில்லை. பேஸ் சுரங்களை ஒட்டி 6, 7, 4 என்று எண்கள், நடுநடுவே தனியாக ஒரு ஷார்ப் குறி. இப்போது கடையில் கிடைக்கும் பதிப்புகளில் வலது கைக்குச் சின்ன எழுத்தில் இருப்பதெல்லாம் பதிப்பாசிரியர் நிரப்பியது. அதை மூடி வைத்துவிட்டு எண்களையே பார்த்து வாசிக்க வேண்டும். உங்கள் கண்ணும் கையும் எந்த வரிசையில் வேலை செய்கின்றன? எந்த இடத்தில் இடறும்?

ஸ்டுடியோ கீஸ்

இது நாங்க தினம் பார்க்கிற கார்டு ஷீட் மாதிரிதானே? பேஸ்ல சி, பக்கத்துல 6-ன்னா சி6. சி, ஈ, ஜி, ஏ நாலையும் பிடிச்சிட்டு அடுத்ததுக்குப் போயிட வேண்டியதுதான்.

இறகு முனை

அங்கேதான் முதல் இடறல், தம்பி. இந்த அச்சில் சி-யோடு 6 இருந்தால் சி, ஈ, ஏ. ஜி வரவே கூடாது.

எண் கார்டின் பெயரைச் சொல்வதில்லை, பேஸிலிருந்து தூரத்தைச் சொல்கிறது. பேஸ் சுரத்தையே ஒன்று என்று வைத்து, கீ சிக்னேச்சரில் உள்ள சுரங்களின் மேலேயே படி ஏற வேண்டும். சி ஒன்று, டி இரண்டு, அப்படியே போனால் ஏ ஆறு. அரைச் சுரங்களை எண்ணினால் எல்லாம் தப்பாகிவிடும். ஆறு என்று எழுதியிருந்தால் மூன்றும் உண்டு என்பது பழக்கம், அதனால் 3-ஐ எழுத மாட்டார்கள். ஐந்து விலகிக்கொள்ளும், ஏனென்றால் அது ஆறுக்கு அடுத்த வீடு, இரண்டும் சேர்ந்தால் உரசும்.

நீங்கள் சொன்ன நாலு சுரமும் வேண்டுமென்றால் 6, அதன் அடியில் 5 என்று இரண்டையும் எழுதியிருப்பார்கள். அப்போதும் அது சி6 போல நிம்மதியாக உட்கார்ந்துவிடாது. ஜி உரசும் சுரம். பெரும்பாலும் முந்தைய கார்டிலேயே வலது கையில் இருந்து, அப்படியே பிடித்தபடி வந்து, பிறகு ஒரு படி கீழே இறங்கும். உங்கள் சி6-இல் அந்த ஜி எங்கும் போகத் தேவையில்லை. வித்தியாசம் அதுதான்.

கிரேடு எட்டு

இவ்வளவு சிக்கல் வேண்டாம் சார். எண் இல்லைன்னா ரூட் பொசிஷன். 6-ன்னா முதல் இன்வர்ஷன், 6/4-ன்னா இரண்டாவது. 7, 6/5, 4/3, 2 இந்த நாலும் செவன்த் கார்டும் அதோட மூணு இன்வர்ஷனும். ஒவ்வொரு பேஸுக்கு மேலயும் பென்சில்ல ரூட் பேரை எழுதிட்டா சாதாரண பியானோ கார்டு மாதிரி ஓடிடும்.

இறகு முனை

பட்டியல் சரி. தேர்வுத் தாளுக்கு அது போதும். வாசிக்கும்போது இரண்டு இடத்தில் கவிழும்.

ஒன்று, "எண் இல்லைன்னா ரூட் பொசிஷன்" என்பது. பேஸ் நிதானமாகப் போகும்போது அது உண்மை. டி, ஈ, எஃப் என்று எட்டாம் பாகச் சுரங்களில் அடுத்தடுத்த படியாக ஓடும்போது நடுவில் வரும் ஈ வெறும் கடந்து போகிற சுரம். டி-க்குப் பிடித்த கார்டை வலது கை அப்படியே வைத்திருக்க, இடது கை மட்டும் நகரும். எண் இல்லையே என்று ஈ-க்கும் ஒரு கார்டு போட்டால் டி மைனரில் ஈ, ஜி, பி ஃபிளாட் விழும். மேலே வயலின் ஏ-யில் நீண்டு நிற்கும். அந்த பி ஃபிளாட் அதன் காதோடு மோதும். ஒவ்வொரு பேஸ் சுரத்துக்கும் கை குதிக்கிறது என்றால் இந்தத் தவறைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்று பொருள்.

இரண்டாவது, ரூட்டின் பெயர் எந்தச் சுரம் எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லாது. டி மைனரில் ஒரு சாதாரண முடிவை எடுத்துக்கொள்ளுங்கள்.

```
பேஸ்:  டி   சி♯   டி   ஜி    ஏ    ஏ   டி
எண்:   -    6    -   6/5   4    ♯   -
```

டி-க்கு எண் இல்லை. வலது கை மத்திய சி-க்கு மேலே எஃப், ஏ, டி பிடிக்கிறது. டி உச்சியில்.

அடுத்து சி ஷார்ப், 6. மூன்று ஈ, ஆறு ஏ. சி ஷார்ப்பை வலது கையிலும் போடக் கூடாது. அது டி-க்கு ஏறத் துடிக்கும் சுரம். இரண்டு கையிலும் இருந்தால் இரண்டும் சேர்ந்து டி-க்கு ஏறும், ஒரே ஆக்டேவ் இணையாக நகர்வது அப்பட்டமாகக் கேட்கும். எனவே ஈ, ஏ, மேலே இன்னொரு ஈ. பேஸ் இறங்கும்போது உச்சி ஏறுகிறது, நல்லது. பிறகு பேஸ் டி-க்குத் திரும்ப, கையும் எஃப், ஏ, டி-க்குத் திரும்பும்.

இப்போது ஜி, 6/5. ஆறு ஈ, ஐந்து டி, சொல்லாமல் வரும் மூன்று பி ஃபிளாட். உச்சியில் இருக்கும் டி அசையவே இல்லை. எஃப் ஈ-க்கு இறங்குகிறது, ஏ பி ஃபிளாட்டுக்கு ஏறுகிறது. அடுத்து ஏ, 4. நாலு என்பது டி. மறுபடியும் அதே டி! பி ஃபிளாட் மட்டும் ஏ-க்கு இறங்குகிறது. கடைசியில் தனி ஷார்ப் வரும்போதுதான் டி விட்டுக்கொடுத்து சி ஷார்ப் ஆகிறது. அதன் பிறகு எஃப், ஏ, டி.

மூன்று பேஸ் சுரங்களுக்கு ஒரே டி. அது முதலில் இசைந்து நிற்கிறது, பிறகு ஈ-யோடு உரசுகிறது, பிறகு ஏ-யின் மேலே தொங்குகிறது, கடைசியில் இறங்குகிறது. எண்கள் சொல்வது இந்தப் பயணத்தை. பென்சிலில் "ஈ செவன்த், ஏ" என்று எழுதினால் கை இரண்டு தனித்தனிக் கார்டுகளுக்குக் குதிக்கும், டி தொலைந்துபோகும்.

கிரேடு எட்டு

டி-யை விட்டுட்டு, ஜி-க்கு ஜி, பி ஃபிளாட், டி, ஏ-க்கு ஏ, சி ஷார்ப், ஈ-ன்னு நேரா பிடிச்சா அவ்வளவு மோசமா? ஹார்மனி ஏறக்குறைய அதேதானே.

இறகு முனை

இடது கையில் ஜி, ஏ. வலது கையிலும் ஜி, ஏ. ஆக்டேவ் இணை. கூடவே டி, ஈ என்று ஐந்தாம் சுரமும் இணையாக ஏறும். பேஸ் படி ஏறும்போது வலது கை கீழ்ப் பக்கம் போனால்தான் இது தவிரும். எழுதியவர் 6/5, 4 என்று போட்டதே டி-யைப் பிடித்துக்கொள்ளச் சொல்லித்தான்.

கோயில் ஆர்கன்

பேச்சு ஷார்ப் குறிக்கு வந்துவிட்டதால் ஒன்று சேர்க்கிறேன். எண் இல்லாமல் ஷார்ப்போ ஃபிளாட்டோ தனியாக நின்றால் அது மூன்றாம் சுரத்துக்கு உரியது. மேலே ஏ-யோடு வந்த ஷார்ப் அதனால்தான் சி ஷார்ப் ஆனது. பேஸ் சுரத்துக்கே ஷார்ப் என்று நினைத்து ஏ ஷார்ப் வாசிப்பவர்கள் உண்டு. எண்ணின் குறுக்கே கோடு போட்டிருந்தால், 6-ஆக இருந்தால் அரைச் சுரம் கூட்ட வேண்டும்.

பழைய அச்சு நகலில் இன்னொரு பொறி. ஷார்ப்பை நீக்கவும் ஃபிளாட் குறியையே போடுவார்கள், நேச்சுரல் குறி பெரும்பாலும் இருக்காது. டி மேஜரில் ஏ-யோடு ஃபிளாட் நின்றால் அது சி நேச்சுரல். சி ஃபிளாட் வாசித்தால் அது பேஸிலிருந்து இரண்டே அரைச் சுரம் தள்ளி பி ஆகி, கார்டே இல்லாமல் போகும். அதேபோல டி மைனர் துண்டுக்குக் கீ சிக்னேச்சரில் பி ஃபிளாட் இல்லாமலே அச்சிட்டிருக்கலாம். அப்போது மேலே சொன்ன ஜி-க்கு 6, 5, அடியில் ஒரு ஃபிளாட் என்று மூன்று அடுக்காக இருக்கும். வாசிக்கும் முன் பக்கத்தின் இடது ஓரத்தைப் பாருங்கள்.

வயலின் பெட்டி

கோடு போட்ட 5? அதுவும் கூட்டுவதா?

கோயில் ஆர்கன்

அது ஊருக்கு ஊர் மாறும். பிரெஞ்சு அச்சில் கோடு போட்ட 5 பெரும்பாலும் குறைந்த ஐந்து. ஜெர்மன் பழக்கத்தில் கூட்டுவது. வயலின் வரியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஸ்டுடியோ கீஸ்

சி6-ஐ வாபஸ் வாங்கிக்கிறேன் அண்ணா. ஒரு சந்தேகம். ஹார்ப்சிகார்ட் பேட்ச்ல அழுத்தி வாசிச்சாலும் மெதுவா வாசிச்சாலும் ஒரே சத்தம். வயலின் மெல்லப் போகும்போது வால்யூம் ஸ்லைடரைக் குறைக்கிறதா?

இறகு முனை

சுரங்களைக் குறையுங்கள். ஹார்ப்சிகார்டில் கம்பியை இறகு மீட்டுகிறது. எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் சத்தம் பெரிதாக மாறாது. எத்தனை கம்பி மீட்டப்படுகிறது என்பதில்தான் சத்தம் இருக்கிறது. வயலின் மெல்லும் இடத்தில் வலது கைக்கு இரண்டு சுரம் போதும், ஆனால் எந்த இரண்டு என்பது முக்கியம். எண்ணில் எழுதிய சுரம் இருக்கட்டும், ஐந்தாம் சுரத்தைக் கைவிடுங்கள். முடிவு வரும்போது நாலு, ஐந்து சுரங்களைக் கீழிருந்து மேலாகச் சற்றே விரித்து மீட்டலாம். வலது கை வயலினுக்கு மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயில் ஆர்கன்

ஆர்கனில் இந்த விரித்து மீட்டும் வேலை ஒத்துவராது. நான் மூன்று குரலை விட்டு விலகவே மாட்டேன்.

வயலின் பெட்டி

கடைசியாக ஒன்று. மூன்று எண்ணிக்கை நீளமுள்ள புள்ளி வைத்த ஒரே ஏ. அதற்கு 4, அடுத்து ஷார்ப். பாதிப் பாதியா?

கோயில் ஆர்கன்

ஒன்றரை, ஒன்றரை. எண்கள் சம இடைவெளியில் அச்சிட்டிருக்கிறதே.

இறகு முனை

அச்சிட்ட இடைவெளியை நம்ப முடியாது. மூன்று எண்ணிக்கை என்றால் 4 இரண்டு எண்ணிக்கை நிற்கட்டும், ஷார்ப் ஒன்று. ஆனால் அதற்கும் முன்னால் வயலின் வரி. வயலின் டி-யில் நிற்கும்வரை நீங்களும் 4-இல் நில்லுங்கள். அது டி-யில் இருக்கும்போது நீங்கள் சி ஷார்ப்புக்கு இறங்கிவிட்டால் இரண்டும் அரைச் சுரத்தில் மோதும்.

வயலின் பெட்டி

ஆனால் மெதுவான பகுதிகளில் வயலின் எழுதியபடியே வாசிப்பதில்லையே. ஆம்ஸ்டர்டாமில் ரோஜே 1710-இல் வெளியிட்ட பதிப்பில் முதல் ஆறு சொனாட்டாக்களின் மெதுவான பகுதிகளுக்கு அலங்காரங்களையும் அச்சிட்டிருக்கிறார்கள். அதில் டி எப்போது விடுபடுகிறது என்று கண்ணால் பிடிக்கவே முடியவில்லை.

இறகு முனை

அந்த இடத்தில் கீபோர்டு 4-ஐ ஒருமுறை மட்டும் மீட்டிவிட்டு ஒலி தேய விட்டுவிடும். வயலினின் ட்ரில் தொடங்கும்போதுதான் ஷார்ப்.

கோயில் ஆர்கன்

ஹார்ப்சிகார்டில் தேயும். ஆர்கனில் தேயாதே. எனக்கு இன்னும் ஒன்றரைதான்.