புதுப்பிப்பு: எல்.கே.ஜி. மகளின் தூக்க நேரம்

முன்பு கேட்டது: “காலை 6.30-க்கு எழுப்ப வேண்டிய மகள் இரவு 10 மணிக்கு முன் தூங்க மறுக்கிறாள், என்ன செய்வது?”

வந்த பதில்களில், இரவு 8.30-க்கே விளக்கை அணைக்கச் சொன்னவரின் யோசனை பாதிதான் பலித்தது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சற்று முன்பு உடல் நன்றாக விழித்திருக்கும் என்பதால், அவள் புரண்டு புரண்டு தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். குழந்தைகள் பிரிவுச் செவிலியர் ஒருவர் எழுதியபடி, எழும் நேரத்தை முதலில் மாற்றி, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை 15 நிமிடம் முன்னதாக எழுப்பி, உடனே மொட்டைமாடி வெளிச்சத்துக்கு அழைத்துச் சென்றோம். இரவுத் தூக்கம் தானாகப் பின்தொடர்ந்தது. பகல் தூக்கத்தை 2.30-க்குள் முடித்துவிடுகிறோம், ஏனெனில் 4 மணிக்குக் கண்ணயர்ந்தால் அன்றிரவு பாழ்.

தன் பத்தாம் வகுப்பு மகனும் தாமதமாகத் தூங்குவதாக அங்கே எழுதியவருக்கு இது அப்படியே பொருந்தாது. பதின்ம வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்கு நகரும்.

இப்போது 8.45-க்குத் தூங்கி 6.30-க்கு எழுகிறாள். பகலில் ஒரு மணி நேரத்தையும் சேர்த்தால், இந்த வயதுக்குச் சொல்லப்படும் 10 முதல் 13 மணி நேரத்துக்குள் வருகிறது. ஞாயிறன்று எவ்வளவு நேரம் தூங்கவிடலாம் என்பதில் மட்டும் எனக்கும் மாமியாருக்கும் இன்னும் உடன்பாடில்லை.